பதினேழாவது நொடியில் வந்த வினைமுற்று

மதுரை மேலமாசி வீதியில் ஒரு பாத்திரக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆடி மாதம். பழைய குக்கரைக் கொடுத்துப் புது குக்கர் வாங்கும் திட்டம் ஒன்றைக் கடைக்காரர் அறிவித்திருக்கிறார். அதற்கு அச்சடித்த நோட்டீஸை அப்படியே பண்பலை நிலையத்துக்கு அனுப்பி, 30 நொடி விளம்பரமாக ஒலிபரப்பச் சொல்கிறார். நோட்டீஸில் இருப்பது இது:

“ஆடிப் பெருக்கை முன்னிட்டு, மதுரை மேலமாசி வீதியில் கடந்த 40 ஆண்டுகளாக வாடிக்கையாளர்களின் நன்மதிப்பைப் பெற்றுத் திகழும் எங்கள் நிறுவனத்தில், தாங்கள் பயன்படுத்திய பழைய பிரஷர் குக்கரைக் கொடுத்து, புதிய குக்கரை 500 ரூபாய் தள்ளுபடியில் பெற்றுச் செல்லலாம். இச்சலுகை ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 3 வரை மட்டுமே. மேலும் விவரங்களுக்குக் கீழ்க்காணும் கைபேசி எண்ணில் தொடர்பு கொள்ளவும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது.”

இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நோட்டீஸாகக் கையில் கிடைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பண்பலை நிலையங்களுக்கு வந்து சேரும் உள்ளூர் விளம்பரங்களில் பல இந்த வடிவத்தில்தான் வருகின்றன. இதை வாய்க்கு ஏற்ற பேச்சாக மாற்றுவதுதான் எழுத்தாளரின் வேலை. அதை முதலில் கடிகாரத்தை வைத்துத் தொடங்குவது நல்லது.

வானொலியில் விளம்பர நேரம் நொடிக் கணக்கில் விற்கப்படுகிறது. பெரும்பாலும் 10 நொடி ஓர் அலகு. அதன் மடங்காக 20, 30 நொடி விளம்பரங்கள் அமைகின்றன. நிதானமாகப் படிக்கும் ஒரு குரல் தமிழில் நொடிக்கு ஐந்து ஆறு உயிரோசைகளைத் தாண்டாது. ‘ம-து-ரை’ என்றால் மூன்று ஓசை. சொற்களை எண்ணி நேரத்தைக் கணக்கிடுவது தமிழுக்கு ஒத்துவராது. வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ‘வாடிக்கையாளர்களின்’ என்பது ஒரு சொல்லாக இருந்தும் ஏழு ஓசை எடுக்கிறது. ‘நம்ம’ என்பதும் ஒரு சொல்தான், அதற்கு இரண்டு போதும்.

இந்தக் கணக்கில் நோட்டீஸின் முதல் வாக்கியம் மட்டும் 93 ஓசை. சுமார் 17 நொடி. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணையும் சேர்த்து மொத்தமும் படித்தால், மூச்சே விடாமல் படித்தாலும் 30 நொடியைத் தாண்டிவிடும். பின்னணி இசைக்கு இடமே கிடையாது.

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அந்த 17 நொடிக்குள் இருக்கிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘பெற்றுச் செல்லலாம்’ என்ற சொற்கள் வரும்வரை யார் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. படிக்கிறவருக்கு இது தடையில்லை. கண் முன்னும் பின்னும் ஓடி வாக்கியத்தை ஒரே பார்வையில் பிடித்துவிடும். கேட்கிறவரால் திரும்பிப் போக முடியாது. ஆடிப்பெருக்கு, மேலமாசி வீதி, 40 ஆண்டு, நன்மதிப்பு, நிறுவனம், பழைய குக்கர் என்று ஒவ்வொன்றாக மனத்தில் அடுக்கிக்கொண்டே, இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று அவர் காத்திருக்க வேண்டும். தாளித்துக்கொண்டோ, வண்டி ஓட்டிக்கொண்டோ வானொலி கேட்கிறவர் அவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டார். நன்மதிப்பு வருவதற்குள் அவர் கவனம் கலைந்துவிடும். ‘குக்கர்’ என்ற சொல்லே 12-ஆவது நொடியில்தான் காதில் விழுகிறது.

இந்த இடத்தில்தான் பலரும் ஒரு தவறான வழியை எடுக்கிறார்கள். எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக்கினால் போதும் என்று நினைத்து, சொல் சொல்லாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். அப்படி மாற்றினால் கிடைப்பது இது:

“ஆடிப்பெருக்க முன்னிட்டு, மதுரை மேலமாசி வீதில நாப்பது வருஷமா வாடிக்கையாளர்களோட நன்மதிப்ப பெத்துத் திகழுற எங்க நிறுவனத்துல, நீங்க பயன்படுத்துன பழைய பிரஷர் குக்கர குடுத்து, புது குக்கர ஐநூறு ரூபா தள்ளுபடில வாங்கிட்டுப் போகலாம்.”

விகுதிகள் எல்லாம் பேச்சுக்கு வந்துவிட்டன. ஆனால் இப்படி யாரும் பேசுவதில்லை. ‘நன்மதிப்ப பெத்துத் திகழுற’ என்று எந்த மதுரைக்காரர் சொல்வார்? முதல் வடிவம் குறைந்தது ஒரு நோட்டீஸின் கம்பீரத்தோடாவது இருந்தது. இது அதையும் இழந்துவிட்டது. பேச்சு என்பது சொல்லின் கடைசி எழுத்தில் மட்டும் இருப்பதில்லை. வாக்கியம் எங்கே முடிகிறது, எது முதலில் வருகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதில் அது இருக்கிறது. வாக்கியத்தின் எலும்பை மாற்றாமல் தோலை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எழுத்துத் தமிழ் காதுக்கு ஒவ்வாதது என்று ஒரு எண்ணம் விளம்பர உலகில் இருக்கிறது. அது உண்மை இல்லை. ஆகாசவாணியில் சரோஜ் நாராயண்சுவாமி வாசித்த செய்திகள் முழுக்க எழுத்துத் தமிழ்தான். அதைக் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை. ஒருவர் எதிரே ஒரு தாளை வைத்து நமக்காக வாசிக்கிறார் என்று கேட்பவருக்குத் தெரியும், அதனால் அந்த மொழி அங்கே பொருந்துகிறது. இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீது நேயர்களோடு உரையாடுவதே திருத்தமான தமிழில்தான். அது அவர் வாயில் இயல்பாக இருக்கிறது. ஏனென்றால் அவருடைய வாக்கியங்கள் காதுக்காகவே அமைந்தவை. கோயில் குடமுழுக்கு அறிவிப்பையோ, இரங்கல் செய்தியையோ பேச்சுத் தமிழில் சொன்னால்தான் காதுக்கு உறுத்தும். குக்கர் விளம்பரத்தின் நிலை வேறு. அது பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக் கொடுப்பதுபோல வீட்டுக்குள் நுழைகிறது. பேச்சுபோலத் தொடங்கி, நோட்டீஸ்போல ஒலித்தால், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆகவே, நோட்டீஸைத் திருத்துவதற்குப் பதிலாக அதை மூடி வைத்துவிடுவது உத்தமம். அதில் இருக்கும் சேதியை மட்டும் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். கடையிலிருந்து வந்த ஒருவர் தெருவில் தெரிந்த ஒருவரைப் பார்த்து இந்தத் தகவலைச் சொன்னால் எப்படிச் சொல்வார்? “வீட்ல பழைய குக்கர் இருக்கா?” என்றுதான் தொடங்குவார். பத்து ஓசை, இரண்டு நொடி. குக்கர் வந்துவிட்டது, கேள்வி வந்துவிட்டது, வாக்கியமும் முடிந்துவிட்டது. அடுத்து, “எடுத்துட்டு வாங்க.” ஒரு நொடி. வினைமுற்றுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

நோட்டீஸ் வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் நான்கு தனி வாக்கியங்கள் அடைந்து கிடக்கின்றன. ஆடிப்பெருக்குக்காக இது நடக்கிறது. கடை மேலமாசி வீதியில் இருக்கிறது. 40 வருடமாக இருக்கிறது. பழையதைக் கொடுத்தால் 500 ரூபாய் குறையும். எழுத்தில் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் போட்டு இவற்றை ஒன்றாகக் கோத்துவிடலாம். பேச்சில் நாம் ஒவ்வொன்றையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறோம். ‘திகழும்’ போன்ற பெயரெச்சம் ஒன்று கண்ணில் பட்டால், அங்கே வெட்டி இரண்டு வாக்கியமாக்க முடியுமா என்று பார்ப்பது நல்ல பழக்கம். ‘40 ஆண்டுகளாகத் திகழும் எங்கள் நிறுவனத்தில்’ என்பது ‘நாப்பது வருஷமா அங்கேயே இருக்கோம்’ என்று தனி வாக்கியமாகிவிடும்.

பேச்சுக்கு இன்னொரு சுதந்திரம் உண்டு. எழுத்தில் கடைசியில் நிற்கும் வினைக்குப் பிறகும் பேச்சில் சொற்கள் வரலாம். “வந்துட்டாரா அப்பா?”, “எங்க வச்ச சாவிய?” என்று தினமும் பேசுகிறோம். இதை விளம்பரத்தில் தயங்காமல் பயன்படுத்தலாம். ‘ஆடிப் பதினெட்டு வரைக்கும்தான், வந்துருங்க’ என்பதற்கும் ‘வந்துருங்க, ஆடிப் பதினெட்டு வரைக்கும்தான்’ என்பதற்கும் பொருளில் வேறுபாடு இல்லை. எது கடைசியில் காதில் நிற்க வேண்டுமோ அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதுபோலவே வினையே இல்லாத வாக்கியமும் பேச்சில் இயல்பானது. ‘புதுசுக்கு ஐநூறு ரூபா தள்ளுபடி’ என்று முடித்தால் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. ‘தள்ளுபடி’ சந்தையில் புழங்கும் சொல்; கேட்பவரின் காது அதற்காகத்தான் காத்திருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு சொல்லைத் தேட வேண்டாம்.

நோட்டீஸில் முக்கியமானதைக் காட்டத் தடித்த எழுத்தும் சிவப்பு மையும் இருக்கின்றன. குரலில் அந்த வேலையைச் செய்வது ‘தான்’, ‘ஏ’ ஆகிய இரண்டு இடைச்சொற்கள். ‘ஆடிப் பதினெட்டு வரைக்கும்’ என்பது தகவல். ‘வரைக்கும்தான்’ என்றால் அவசரம் சேர்ந்துவிடுகிறது. ‘மட்டுமே’ என்ற நோட்டீஸ் சொல் செய்யும் வேலையை ‘தான்’ ஒன்றே செய்துவிடும். ஆனால் இரண்டு மூன்று இடத்தில் ‘தான்’ போட்டால் எல்லாமே கத்தலாகிவிடும். முப்பது நொடிக்கு ஒரு ‘தான்’ போதும். அது எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது, இந்த விளம்பரம் எதற்காக என்று முடிவு செய்வதற்குச் சமம்.

அடுத்தது, எப்படி எழுதுவது என்ற கேள்வி. பேச்சுத் தமிழை எழுதுவதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை ஒன்று இல்லை. ‘விலை’யை நாம் ‘வெல’ என்கிறோம், ‘இடம்’ என்பதை ‘எடம்’ என்கிறோம், ‘உடம்பு’ என்பதை ‘ஒடம்பு’ என்கிறோம். ‘வரேன்’ என்று சொல்லும்போது கடைசி மெய் மூக்கில் கரைந்துவிடுகிறது. அந்த ஒலியைக் காட்டத் தமிழில் எழுத்தே கிடையாது. இதையெல்லாம் அப்படியே எழுதினால் என்ன ஆகும்? குரல் கொடுப்பவர் ‘வெல’ என்று பார்த்ததும் ஒரு கணம் தடுமாறுவார். பிறகு அதை வேண்டுமென்றே அழுத்திச் சொல்வார். கேட்பவருக்கு அது கிராமத்துப் பேச்சைக் கேலி செய்வதுபோல் படும்.

இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. சொல்லின் உருவத்தையே மாற்றும் வேறுபாடுகளை எழுதிவிட வேண்டும்: ‘இருக்கிறோம்’ என்பதை ‘இருக்கோம்’, ‘கொடுத்தால்’ என்பதை ‘குடுத்தா’, ‘எடுத்துக்கொண்டு’ என்பதை ‘எடுத்துட்டு’, ‘அவர்கள்’ என்பதை ‘அவங்க’. உயிரெழுத்தின் சாயல் மட்டும் மாறும் இடங்களைப் பழைய எழுத்திலேயே விட்டுவிடலாம். ‘விலை’ என்று எழுதினால் போதும். தமிழ் பேசி வளர்ந்தவரின் நாக்கு அதைத் தானே பார்த்துக்கொள்ளும். ‘குக்கரை’ என்று எழுதினாலும் அவர் வாயில் அது ‘குக்கர’ என்றுதான் வரும்.

ஓர் எழுத்தை மட்டும் நாக்கின் போக்குக்கு விட்டுவிடக் கூடாது. பேச்சு வழக்கில் பலர் ‘பழைய’ என்பதை ‘பளைய’ என்பார்கள். இயல்பாக இருக்கட்டும் என்று அதை ஒலிபரப்பில் விட்டால், கேட்பவர்கள் மன்னிப்பதில்லை. ‘வீட்ல’ என்று சொல்லும் குரலை ஏற்றுக்கொள்கிற காது, ‘பளைய’ என்பதைப் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. பேச்சுத் தமிழிலும் திருத்தமான பேச்சு என்று ஒன்று உண்டு. வானொலி அந்தத் திருத்தத்தை எதிர்பார்க்கும் இடம்.

எந்த ஊர்ப் பேச்சு என்பது பலரும் சறுக்கும் இடம். திரைப்படம், நாடகம், வானொலி வழியாக எல்லா மாவட்டத்தாருக்கும் புரிகிற ஒரு பொதுப் பேச்சு உருவாகியிருக்கிறது. தஞ்சை, திருச்சி, மதுரை வட்டாரத்துப் படித்தவர்களின் பேச்சை ஒட்டியது அது என்று மொழியியலாளர்கள் சொல்வதுண்டு. பெரும்பாலான விளம்பரங்களுக்கு அந்தப் பொதுப் பேச்சே போதும். கோவைக்கு என்றால் ‘ஏனுங்க’ சேர்ப்பதும், நெல்லைக்கு என்றால் ‘ஏலே’ சேர்ப்பதும் எளிதாகத் தோன்றும். ஆனால் வட்டார வழக்கு ஒரு சொல்லில் இருப்பதில்லை. வாக்கியத்தின் இழுவையிலும் ஏற்ற இறக்கத்திலும் இருக்கிறது. சென்னையில் வளர்ந்த ஒருவர் ‘ஏனுங்க’ என்று நடித்தால் கோயம்புத்தூர்க்காரர் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார், கோபமும் படுவார். அந்த ஊர்க் குரல் கிடைத்தால் அந்த ஊர்ப் பேச்சில் செய்யலாம். அப்போதும் ‘நீங்க எப்படிச் சொல்வீங்க?’ என்று அவரிடமே வாக்கியத்தை விட்டுவிடுவது நல்லது. கிடைக்கவில்லை என்றால் பொதுப் பேச்சில் நிற்பதே மரியாதை.

கடைக்காரர் இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார். பெரும்பாலும் இது நல்ல யோசனைதான். ஆபத்து எங்கே என்றால், வீட்டில் இருக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் விளம்பரத்தை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். “அத்தை, மேலமாசி வீதியில் 40 வருஷமா இருக்குற கடையில ஐநூறு ரூபா தள்ளுபடியாமே!” என்று எந்த மருமகளும் பேசுவதில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் தெரிந்த விஷயத்தை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் குக்கரைப் பற்றி மட்டும் பேசட்டும். தள்ளுபடியை அறிவிப்பாளர் சொல்லட்டும். கடையின் பெயர் வரும் இடத்தில் ‘நம்ம கடை’ என்று வைத்துக்கொண்டால், திருத்திய விளம்பரம் இப்படி வருகிறது:

மருமகள்: அத்தை, இந்த குக்கர் விசிலே வர மாட்டேங்குது.

மாமியார்: கல்யாணத்துக்கு வாங்குனதும்மா அது!

மருமகள்: உங்க கல்யாணத்துக்கா, என் கல்யாணத்துக்கா?

அறிவிப்பாளர்: எந்தக் கல்யாணத்துக்கு வாங்குனதா இருந்தாலும் சரி, எடுத்துட்டு வாங்க. பழைய குக்கரைக் குடுத்தா, புதுசுக்கு ஐநூறு ரூபா தள்ளுபடி. ஒரு பழைய குக்கருக்கு ஒரு புதுசு. நம்ம கடை, மேலமாசி வீதி. நாப்பது வருஷமா அங்கேயே இருக்கோம். வந்துருங்க, ஆடிப் பதினெட்டு வரைக்கும்தான்.

மொத்தம் 135 ஓசை, சுமார் 25 நொடி. மீதி 5 நொடி விசில் சத்தத்துக்கும், பேச்சுக்கு இடையே வேண்டிய இடைவெளிக்கும், இசைக்கும்.

கூர்ந்து பார்க்கிறவர் ஒரு கேள்வி கேட்கலாம். இங்கேயும் ‘தள்ளுபடி’ 15-ஆவது நொடியில்தானே வருகிறது? வருகிறது. ஆனால் ‘குக்கர்’ முதல் நொடியிலேயே வந்துவிட்டது. தள்ளுபடிக்கு முன்பே நான்கு வாக்கியங்கள் முழுதாக முடிந்துவிட்டன. கேட்பவர் எதையும் பாதியில் தாங்கிக்கொண்டு நிற்கவில்லை. நடுவில் ஒருவர் கவனம் தப்பினாலும் அடுத்த வாக்கியத்தில் ஏறிக்கொள்ளலாம். நோட்டீஸ் வாக்கியத்தில் ஒருமுறை தப்பினால் முழுதும் போயிற்று.

நோட்டீஸிலிருந்து என்னென்ன போயிருக்கிறது என்று பார்ப்பதும் பயனுள்ளது. ‘கீழ்க்காணும் எண்’ போய்விட்டது. வானொலியில் கீழே என்று ஓர் இடமே கிடையாது. ஆனாலும் ‘கீழ்க்கண்ட முகவரியில்’, ‘மேற்கண்ட சலுகை’ என்பவை ஒலிபரப்பு வரை தப்பி வந்துவிடுவது உண்டு. ‘ஜூலை 20 முதல்’ என்பதும் போய்விட்டது. விளம்பரம் ஒலிக்கும்போது திட்டம் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். கேட்பவருக்கு முடியும் நாள் தெரிந்தால் போதும். ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3-இல் வரும் ஆண்டு என்பதால் ‘ஆகஸ்ட் 3’ என்ற தேதி ‘ஆடிப் பதினெட்டு’ ஆகிவிட்டது. ஆடி மாதத்தில் பாத்திரக்கடைக்குப் போகிற வீட்டில் அந்த நாள் யாருக்கும் மறக்காது, தேதிக்கு நாள்காட்டியைப் பார்க்க வேண்டும்.

எண்கள் எப்போதும் வாயில் நீளும். தாளில் 499 என்பது மூன்று இலக்கம். வாயில் ‘நானூத்தி தொண்ணூத்தி ஒம்பது’, ஒன்பது ஓசை. ‘ஐநூறு’ மூன்றே ஓசையில் முடிந்துவிடுகிறது. விலையைக் கடைக்காரர் மாற்றமாட்டார் என்றால் ‘ஐநூறுக்குள்ள’ என்று சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். தொலைபேசி எண் இன்னும் கடினம். பத்து இலக்கம் நாலைந்து நொடியை விழுங்கும். வண்டி ஓட்டுகிறவர் அதை எழுதிக்கொள்ளவும் முடியாது. எண்ணைச் சொல்லியே தீர வேண்டிய தொழில்கள் உண்டு, ஆம்புலன்ஸும் பூச்சி மருந்து அடிப்பவர்களும் அப்படி. அவர்கள் இரண்டு முறை சொல்ல வேண்டும். இலக்கங்களை நம்மவர்கள் தொலைபேசியில் சொல்லும் விதமாகவே, ‘நைன் எய்ட் ஃபோர்’ என்று ஆங்கிலத்தில், நடுவில் நிறுத்தி ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொன்னால் காதில் தங்கும். பாத்திரக்கடைக்கு எண் வேண்டாம், வீதி போதும்.

‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்பதை விளம்பரத்தின் வாலில் ஒட்டி, மூச்சு வாங்காமல் இரண்டு மடங்கு வேகத்தில் சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது. அது நேர்மையும் இல்லை, காதுக்கு இனிமையும் இல்லை. நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, இத்தகைய குறிப்பு சலுகை சொல்லப்பட்ட அதே மொழியில் இருக்க வேண்டும். முக்கியமான தகவலை மறைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. எழுதுகிறவர் செய்ய வேண்டியது எளிது. அந்த நிபந்தனை என்ன என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். ஒரு பழைய குக்கருக்கு ஒரு புது குக்கர்தான், மூன்றைக் கொடுத்து ஒன்றில் 1,500 ரூபாய் கழிக்க முடியாது என்பார். அதையே சொல்லிவிட்டால் ஆயிற்று: ‘ஒரு பழைய குக்கருக்கு ஒரு புதுசு.’

இனி ஒலிப்பதிவு. தாளில் ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதிக் கொடுத்தால் குரல் கொடுப்பவருக்குப் பெரிய உதவி. அழுத்தம் விழ வேண்டிய சொல்லின் கீழே ஒரு கோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு சாய்கோடு; இதற்கு மேல் குறிகள் போட்டால் அவர் குறிகளைப் படிக்கத் தொடங்கிவிடுவார். அவர் பேசும்போது எழுதியவர் தாளைப் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் எழுத்து ஏமாற்றாது.

முதல் டேக்கில் ஒருவர் தடுமாறலாம், அது இயல்பு. மூன்று டேக்கிலும் ஒரே இடத்தில் நாக்கு இடறினால் குறை குரலில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. இந்த விளம்பரத்தில் அப்படி ஓர் இடம் ‘பழைய குக்கருக்கு ஒரு புதுசு’ என்ற வரி. ‘க்கருக்கு ஒரு’ என்று வேகமாகச் சொன்னால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ‘குக்கருக்கு’ என்பதற்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம் கொடுத்தால் சரியாகிவிடும். மைக்குக்கு மிக அருகில் நின்று பேசினால் ‘பழைய’, ‘புதுசு’ என்பவற்றின் தொடக்கப் பகரம் காற்றாக வந்து மோதி ‘டப்’ என்று வெடிக்கும். பேசுகிறவர் வாயை மைக்குக்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் அது அடங்கும்.

பதிவு 33 நொடிக்கு வந்துவிட்டால், கணினியில் வேகத்தைக் கூட்டி 30 நொடிக்குள் அடைத்துவிடலாம் என்று ஒலிப்பதிவாளர் சொல்வார். ஒரு நொடிக்குக் குறைவு என்றால் யாருக்கும் தெரியாது. மூன்று நொடியை அப்படி நெரித்தால், பேச்சுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகள் காணாமல் போகும். பேச்சை இயல்பாகக் காட்டுவதே அந்த இடைவெளிகள்தான். அங்கே வெட்ட வேண்டியது ஒரு வாக்கியத்தை.

வாசகர் நினைக்கும் சோதனைகளில் மிக எளிதானது ஒன்று உண்டு. இந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை, நிலையத்தின் காவலாளியையோ தேநீர் கொண்டுவருபவரையோ அழைத்து, ஒரே ஒரு முறை ஒலிக்கவிட்டு, என்ன கேட்டீர்கள் என்று விசாரிக்க வேண்டும். ‘பழைய குக்கரைக் குடுத்தா ஐநூறு ரூபா குறைப்பாங்களாம், மேலமாசி வீதியில’ என்று சொன்னால் தேர்ச்சி. ‘ஏதோ மாமியார் மருமகள் சண்டை’ என்றால், நகைச்சுவை சேதியை விழுங்கிவிட்டது. உரையாடலைக் குறைக்க வேண்டும். ‘எந்தக் கடை?’ என்று திருப்பிக் கேட்டால், கடைப்பெயர் இன்னொரு முறை வர வேண்டும்.

கடைசியில் கடைக்காரர் 10 நொடி வடிவம் ஒன்றும் கேட்பார். பேருந்து நேரத்தில் அதிக முறை போட அதுதான் கட்டுப்படியாகும். உரையாடல் போய்விடும், 40 வருடமும் போய்விடும். நிபந்தனை மட்டும் போகக் கூடாது. அதைத் தனி வாக்கியமாக வைக்க இடம் இல்லாததால் தள்ளுபடி வாக்கியத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டியிருக்கிறது: “ஒரு பழைய குக்கர் குடுத்தா, ஒரு புதுசுக்கு ஐநூறு ரூபா தள்ளுபடி. நம்ம கடை, மேலமாசி வீதி. ஆடிப் பதினெட்டு வரைக்கும்தான்.” 45 ஓசை, எட்டு நொடி சொச்சம்.

நெருக்கடியில் கிடைத்த இந்த வாக்கியம் 30 நொடி வடிவத்தில் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது. அதை அங்கேயும் கொண்டுபோய் வைத்தால், நாக்கு இடறிய அந்த வரியே தேவையில்லாமல் போய்விடுகிறது. இரண்டு நொடி மிச்சமாகிறது. அந்த இரண்டு நொடியில், “டவுன்ஹால் ரோட்டுல இருந்து திரும்புங்க” என்று வழி சொல்லிவிடலாம்.